காசு கட்டி வாங்கிய வொரண்டியும், "இது சேராது" என்று சொல்ல எடுத்த 3,500 ரூபாவும்



ஹஜ் பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள், ராத்தா வீட்டு பிரிட்ஜ் நின்று போனது. உள்ளே உழ்ஹிய்யா இறைச்சி. வாங்கி 19 மாதம்தான். கம்பனியின் ஒரு வருட வொரண்டி முடிந்திருந்தாலும், வாங்கும்போதே ஷோரூமில் 14,500 ரூபா கூடுதலாகக் கட்டி இன்னும் இரண்டு வருடத்துக்கு வொரண்டி எடுத்திருந்தார். "ஒன்றுக்கும் யோசிக்காதீங்க, எல்லாம் எங்கட பொறுப்பு" என்றுதான் விற்ற தம்பி சொன்னாராம்.

மூன்றாம் நாள் டெக்னீஷியன் வந்தார். பின்பக்க மூடியைக் கழற்றி, போர்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் கூடிக் குறைஞ்சு வந்து போர்ட் போயிருக்கு. இது வொரண்டியில சேராது" என்றார். புதுப் போர்டுக்கு 38,000 ரூபா. வேண்டாம் என்றாலும் வந்து பார்த்த கூலி 3,500 ரூபா. ராத்தா காசைக் கொடுத்துவிட்டு எனக்குக் கோல் எடுத்தார்.

வொரண்டிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், பல்லி, எறும்பு, துரு, வெளியாள் கழற்றியது எல்லாமே விலக்குப் பட்டியலில் இருந்தன. கெட்டுப்போன உணவுக்கும் பொறுப்பில்லை. கதவில் ஒட்டியிருந்த "கம்பிரசர் 10 வருடம்" என்பதும் கம்பிரசர் என்ற அந்த ஒரு பாகத்துக்கு மட்டும்தான். காஸும் கூலியும் அதில் இல்லை. இந்தப் புத்தகம் ராத்தாவின் கைக்குக் கிடைத்தது காசு கட்டிய பிறகு, பிரிட்ஜ் பெட்டிக்குள் இருந்து.

விலக்கு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. மின்னல் விழுந்ததற்கு எந்தக் கடைக்காரரும் பொறுப்பேற்க முடியாது. என் கேள்வி வேறு. போர்ட் போனதற்குக் காரணம் கரண்டா, போர்டின் சொந்தக் குறையா என்று தீர்மானிப்பது யார்? கம்பனி அனுப்பிய ஆள். குறை போர்டில் என்றால் செலவு கம்பனிக்கு. கரண்ட் என்றால் செலவு நமக்கு. அப்படியான தீர்ப்பை வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டு, அதற்குக் கூலியும் எடுப்பது நியாயமா?

நல்ல வேளையாக, போர்ட் வெளியே இருந்தபோது மருமகன் போனில் படம் எடுத்திருந்தான். அதை எலக்ட்ரோனிக் வேலை தெரிந்த ஒரு காக்காவிடம் காட்டினேன். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ஒரு பியூஸும், அதற்குப் பக்கத்தில் வட்டமான ஒரு சிறு வில்லையும் இருக்கும். அந்த வில்லையின் பெயர் வெரிஸ்டர். மின்னழுத்தம் மிகவும் கூடி வந்தால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இவைதான். வில்லை வெடித்திருக்கும், சுற்றிலும் கருகியிருக்கும். ராத்தாவின் போர்டில் இரண்டும் சுத்தமாக இருந்தன. ஆனால் ஒரு கெப்பசிட்டரின் தலை உப்பியிருந்தது. அது சூட்டினாலோ தரக்குறைவினாலோ நாளடைவில் வருவது. "படத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல ஏலாது. ஆனா கரண்ட்தான் காரணம் என்று அவங்க சொல்றதுக்கும் இதில ஒரு அடையாளமும் இல்ல" என்றார் காக்கா.

படங்களோடு ஷோரூமுக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். கேட்டது ஒன்றுதான்: எந்தப் பாகம், என்ன அடையாளத்தை வைத்து, எந்த விலக்கின் கீழ் மறுத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். எழுத்தில் பதில் வரவில்லை. ஒன்பதாம் நாள் புதுப் போர்டோடு ஆள் வந்தார், காசு கேட்கவில்லை. ஆனால் அந்த 3,500 ரூபா இன்று வரை திரும்பவில்லை. இறைச்சியும் போனது போனதுதான்.

ஆகவே, இப்படி வொரண்டி எடுக்கப் போகிறவர்கள் காசு கட்டும் முன் அந்தப் புத்தகத்தைக் கேட்டு, விலக்குப் பக்கத்தைப் படியுங்கள். ஸ்டெபிலைசர் கட்டாயமா என்று கேளுங்கள். கட்டாயம் என்றால் அதை வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ஆளை அழைக்கும்போதே, வொரண்டியில் சேராவிட்டால் எவ்வளவு கூலி என்று கேளுங்கள். மறுத்தால், காரணத்தை ஜொப் ஷீட்டில் எழுதாமல் கையொப்பம் வைக்காதீர்கள். அவர் கழற்றும்போது படம் எடுங்கள். நீங்களோ வெளியாளோ கழற்ற வேண்டாம், பிறகு அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

அதற்கும் சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. கொடுத்த வொரண்டிக்கு மாறாகப் பொருள் இருந்தால் முறையிட 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இடமுண்டு. முறைப்பாட்டை எழுத்தில், பில்லோடும் ஜொப் ஷீட்டோடும், நாள் கடத்தாமல் கொடுங்கள்.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்கச் சொல்கிறது நம் மார்க்கம். வொரண்டியும் நீங்கள் காசுக்கு விற்கும் ஒரு பொருள்தான். அது எதற்கெல்லாம் உதவாது என்பதை, காசை வாங்கும் முன் வாயால் சொல்லிவிடுங்கள்.