ஒரு லட்சம் ஸ்ட்ரீம் ஓடுச்சு... காசு எங்கே? சுயாதீன இசைக் கலைஞர்களுக்கு ராயல்டி வரும் வழி!

2021-ல் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாடல் உலகம் முழுக்க கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. ஆனால் 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டு மூலம் தனக்கும் பாடகர்கள் தீ, அறிவு ஆகியோருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சொன்னது பரபரப்பானது. பாடலை வெளியிட்ட நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

அந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக்கதை. ஆனால் சினிமாவுக்கு வெளியே பாட்டு போடும் பல இளைஞர்களுக்கு அன்று எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஒரு பாட்டு இத்தனை முறை ஓடினால் கைக்கு எவ்வளவு வரும்? அது யார் யார் வழியாக வருகிறது?

நேரடியாக ஸ்பாட்டிஃபையில் பாட்டு போட முடியாதா?

முடியாது. யூடியூபில் வீடியோ ஏற்றுவதுபோல ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்ற தளங்களில் கலைஞர்களே பாட்டை ஏற்றிவிட முடியாது. ஸ்பாட்டிஃபை 2018-ல் அப்படி ஒரு வசதியைச் சோதனை முறையில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது.

அதனால் நடுவில் ஒருவர் தேவை. அவர்தான் டிஸ்ட்ரிபியூட்டர். பாட்டு, அட்டைப்படம், விவரங்கள் மூன்றையும் வாங்கி எல்லாத் தளங்களுக்கும் அனுப்புவது, தளங்கள் தரும் காசை வசூலித்து கலைஞரின் கணக்கில் சேர்ப்பது, இந்த இரண்டும் அவர் வேலை.

இவர்கள் காசு வாங்கும் விதம் இரண்டு வகை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவற்றில் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும், ராயல்டியை பெரும்பாலும் முழுசாகத் தந்துவிடுவார்கள். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், அதன்பிறகு வரும் ராயல்டியில் 9 சதவீதம் அவர்களுக்கு. ஆண்டுக் கட்டண முறையில் கவனிக்க வேண்டியது, சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டால் பாட்டு தளங்களில் இருந்து இறங்கிவிடலாம் என்பதுதான்.

பாட்டுக்கும் ஓர் ஆதார் எண்!

பாட்டை ஏற்றும்போது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுக்கப்படும். எழுத்தும் எண்ணும் கலந்த அதன் பெயர் ஐ.எஸ்.ஆர்.சி. பாட்டுக்கான ஆதார் எண் என்றே வைத்துக்கொள்ளலாம். எந்தத் தளத்தில் எத்தனை முறை ஓடியது என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய இடத்தில் பாட்டை இறக்கிவிட்டு, புது இடத்தில் புது எண்ணோடு ஏற்றினால் தளத்துக்கு அது வேறு பாட்டு. சேர்ந்திருந்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை போய்விடும். அதே ஒலிப்பதிவு, அதே பெயர் விவரங்கள், அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணோடு முதலில் புது இடத்தில் ஏற்ற வேண்டும். தளங்களில் அது தெரிய ஆரம்பித்த பிறகே பழையதை இறக்க வேண்டும்.

ஒரு ஸ்ட்ரீமுக்கு எத்தனை பைசா?

பலரும் தேடுவது இதைத்தான். ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த விலையே கிடையாது.

பாட்டு 30 விநாடி ஓடினால் அது ஒரு ஸ்ட்ரீம். தளத்துக்கு வரும் சந்தா, விளம்பர வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாட்டின் உரிமையாளர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்தத் தொகை ஒரு பெரிய உண்டியல் மாதிரி. மாதக் கடைசியில் அந்த உண்டியலை, மொத்த ஸ்ட்ரீமில் யாருடைய பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரு மாதம் உண்டியலில் 10 கோடி ரூபாய், மொத்தம் 100 கோடி ஸ்ட்ரீம் என்றால் ஒன்றுக்கு 10 பைசா விழும். அடுத்த மாதம் தீபாவளிப் படப் பாடல்கள் வந்து மொத்த ஸ்ட்ரீம் 125 கோடி ஆகிறது, உண்டியலில் அதே 10 கோடிதான். இப்போது ஒன்றுக்கு 8 பைசா. சுயாதீன கலைஞரின் பாட்டு இரண்டு மாதமும் ஒரே அளவு ஓடியிருந்தாலும் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அவர் பாட்டில் எந்தக் குறையும் இல்லை, உண்டியலுக்கு முன்னால் நிற்கும் கூட்டம்தான் கூடிப்போச்சு.

ஒரே பாட்டு, மூன்று விலை

இன்னொரு விஷயம், உலகத்துக்கே ஒரே உண்டியல் கிடையாது. நாடு வாரியாக உண்டியல் வேறு. சந்தா கட்டிக் கேட்பவர்களுக்கும் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களுக்கும் உண்டியல் வேறு. 2024-ல் அமெரிக்காவில் தனிநபர் மாதச் சந்தா 11.99 டாலர். இந்தியாவில் 2019-ல் ஸ்பாட்டிஃபை வந்தபோது அது 119 ரூபாய். அமெரிக்க விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. சந்தா குறைவாக இருக்கும் நாட்டில் ஒரு ஸ்ட்ரீமின் மதிப்பும் குறையும்.

இப்போது மதுரையில் வீட்டிலேயே பாட்டு தயாரிக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் பாட்டு ஒரு லட்சம் ஸ்ட்ரீம் தாண்டிவிட்டது. கணக்கு புரிவதற்காக மட்டும், இந்தியாவில் இலவசமாகக் கேட்டால் 2 பைசா, சந்தாவில் கேட்டால் 10 பைசா, வெளிநாட்டுச் சந்தா என்றால் 30 பைசா என்று வைத்துக்கொள்வோம்.

இந்தியாவில் இலவசமாகக் கேட்கப்பட்ட 80,000 ஸ்ட்ரீமுக்கு 1,600 ரூபாய்.
இந்தியாவில் சந்தா கட்டியவர்கள் கேட்ட 18,000 ஸ்ட்ரீமுக்கு 1,800 ரூபாய்.
வெளிநாட்டுச் சந்தாதாரர்கள் கேட்ட 2,000 ஸ்ட்ரீமுக்கு 600 ரூபாய்.

மொத்தம் 4,000 ரூபாய். வெளிநாட்டு ஸ்ட்ரீம் வெறும் 2 சதவீதம்தான், ஆனால் வருமானத்தில் 15 சதவீதம் அதில் இருந்து வருகிறது. கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழ் ரசிகர்கள் சிலநூறு பேர் கேட்டாலே கணக்கு மாறும் என்பது இதனால்தான்.

இந்த 4,000 ரூபாயில் 9 சதவீதம் எடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 360 ரூபாய் போய் 3,640 ரூபாய் மிஞ்சும். ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய் கட்டியிருந்தால், வருஷம் முழுக்க வந்தது இவ்வளவுதான் என்ற நிலையில் பாதி அங்கேயே காலி. பாட்டு நிறைய ஓடும் என்றால் ஆண்டுக் கட்டணம் லாபம். எப்போதாவது ஒரு பாட்டு போடுபவருக்கு சதவீத முறையே மேல்.

காசும் உடனே வராது. ஜனவரியில் ஓடியதற்கான கணக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் தெரியவே பொதுவாக இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

1,000 என்ற கோடு

2024-ல் இருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை ஓடியிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான ராயல்டி. இல்லாவிட்டால் அந்தப் பங்கு, கோட்டைத் தாண்டிய மற்ற பாடல்களுக்குப் பிரிந்துவிடும்.

இந்தக் கணக்கு கலைஞருக்கு இல்லை, பாட்டுக்கு. ஒருவர் 10 பாட்டு போட்டு ஒவ்வொன்றும் 800 முறை ஓடினால் மொத்தம் 8,000 ஸ்ட்ரீம், ஒலிப்பதிவு ராயல்டி பூஜ்ஜியம். அதே 8,000-ம் ஒரே பாட்டில் விழுந்திருந்தால் காசு உண்டு.

இந்தக் கோட்டைத் தாண்டிவிடும் அவசரத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். 'பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறோம், 10,000 ஸ்ட்ரீம் கேரண்டி' என்று இன்ஸ்டாகிராமில் வரும் மெசேஜை நம்பி காசு கட்டினால், பாட்டைக் கேட்பது பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, இயந்திரக் கணக்குகள். தளம் இதைக் கண்டுபிடித்தால் அந்த ஸ்ட்ரீம்களுக்கு ராயல்டி கிடையாது. அப்பட்டமான மோசடி என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்கே அபராதம் போடுகிறது ஸ்பாட்டிஃபை. அதை கலைஞரின் தலையில் கட்டுவதும், பாட்டையே இறக்குவதும் நடக்கிறது.

அறிகுறி கலைஞர்களுக்கான செயலியிலேயே தெரியும். தமிழ்ப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் இருந்து திடீரென ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம் வந்திருக்கும். ஆனால் பாட்டைச் சேமித்தவர்களோ புதிதாகப் பின்தொடர்பவர்களோ கூடியிருக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் உடனே டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிடுவது நல்லது.

டிஸ்ட்ரிபியூட்டர் கொண்டுவராத காசு

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று ஒலிப்பதிவு. இன்னொன்று அதற்குள் இருக்கும் மெட்டும் வரிகளும். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வருவது முதல் உரிமைக்கான காசு மட்டும்தான்.

மெட்டுக்கும் வரிக்குமான ராயல்டியை இந்தியாவில் வசூலிப்பது மும்பையில் இருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினராகி, எழுதிய, இசையமைத்த ஒவ்வொரு பாட்டையும், யாருக்கு எத்தனை சதவீதம் என்ற விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் பாட்டு எவ்வளவு ஓடினாலும் அந்தக் காசு யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. 1,000 ஸ்ட்ரீம் விதியும் இந்த ராயல்டிக்குப் பொருந்தாது.

இதில் சட்டமும் கலைஞர் பக்கம் நிற்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கான ராயல்டி பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. சினிமாவில் இல்லாத பாடல்களுக்கும் இது பொருந்தும். '5,000 ரூபாய் தர்றோம், இனி எதுவும் கேட்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும், அந்தப் பங்கைப் பொறுத்தவரை அது செல்லாது.

அதனால் பாட்டை ஏற்றுவதற்கு முந்தைய நாளே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், பீட் போட்டவர் எல்லோரும் உட்கார்ந்து, ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டிலும் வரியிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி கையெழுத்து போட்டுக்கொள்வது. மதுரை இளைஞரின் கணக்கில் அந்த 3,640 ரூபாய் வந்து விழும்போது அது யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். பாட்டு ஹிட்டாகி லட்சங்கள் வரும் நாளில் அதே தாளை நிதானமாக உட்கார்ந்து எழுத யாருக்கும் மனசு வராது.