பசுங்கன்று மட்டும் வேணும்: கூடுதல் விலை கொடுத்து விந்து வாங்கலாமா?

தெலுக் பங்லிமா காராங்கில் பத்து கறவை மாடு வச்சிருக்கும் குடும்பத்துக்கு, வயசான மாட்டுக்குப் பதிலாக வருஷம் ரெண்டு மூணு கிடாரி தேவைப்படும். காளைக்கன்று பால் தராது. இதனாலதான் 'பாலினம் பிரித்த விந்து' பலரை ஈர்க்குது. அந்த விலைக்கு அது தகுமா?

எப்படிப் பிரிக்கிறாங்க?

பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில், ஒய் விந்தணுவைவிட சுமார் 4% அதிக டிஎன்ஏ இருக்கு. சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் இந்த வித்தியாசத்தைப் பார்த்து பிரிக்கிறாங்க. ஏறக்குறைய 90% பசுங்கன்று கிடைக்கும். ஆனா பிரிக்கும்போது விந்தணு பலவீனமாகுது. ஒரு குச்சியில் அதன் எண்ணிக்கையும் குறைவு. அதனால சினை பிடிப்பது குறையும்.

கணக்கு என்ன சொல்லுது?

ஒரு உதாரணத்துக்கு, சாதாரண குச்சி 30 ரிங்கிட், பிரித்தது 120 ரிங்கிட்னு வைப்போம். கறவை மாடுகளுக்கு 100 முறை ஊசி போடுறோம். சாதாரணத்தில் 40 சினை, அதில் சுமார் 20 பசுங்கன்று. பிரித்ததில் 30 சினை, 27 பசுங்கன்று. கூடுதலா 9,000 ரிங்கிட் செலவழிச்சு 7 கன்றுதான் அதிகம். அதாவது ஒவ்வொரு கூடுதல் கன்றுக்கும் சுமார் 1,285 ரிங்கிட். சினை பிடிக்காத மாடு இன்னும் 21 நாள் காத்திருக்கணும். அந்தத் தீவனச் செலவு இதில் சேரலை.

இதையே கன்னிக் கிடாரிகளுக்குப் போட்டா? அவை சுலபமா சினை பிடிக்கும். 60-க்கு 50 சினைன்னு வச்சா, 30 பசுங்கன்றுக்குப் பதில் 45 கிடைக்கும். ஒரு கூடுதல் கன்றுக்கு 600 ரிங்கிட்.

இந்தியாவில் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டம் இந்த விந்துக்கு மானியம் தருது. இங்கேயும் குச்சி 60 ரிங்கிட்டுக்கு இறங்கினா, அந்த 600 வெறும் 200 ஆகிடும்.

எங்கே சறுக்கும்?

சூட்டில் தவிக்கும் மாடு சரியா சினை பிடிக்காது. ஃப்ரீசியன் ரத்தம் கூடக்கூட இந்தச் சிக்கலும் கூடும். நேரமும் முக்கியம்: பிரித்த விந்து கருப்பையில் குறைஞ்ச நேரமே உயிரோட இருக்கும். இன்னொரு மாடு மேலே ஏறும்போது நகராம நிற்பதுதான் பருவத்தின் உறுதியான அடையாளம். அந்த நேரத்தைக் குறிச்சுவச்சு, வழக்கத்தைவிடச் சில மணிநேரம் தாமதமா ஊசி போடணும். நேரமே தெரியாத மாட்டுக்கு சாதாரணக் குச்சியே போதும்.

அப்போ முடிவு?

பத்து மாட்டில் வருஷம் ஏழு கன்று பிறந்தா, சாதாரண விந்திலேயே மூணு நாலு பசுங்கன்று வரும். எல்லாம் பிழைச்சா அதுவே போதும். கன்று இறப்பு அதிகமா இருந்தா, முதலில் அதைச் சரி பண்ணணும்.

மந்தையைப் பெருக்கணுமா, நல்லா கறக்கும் வம்சத்திலிருந்து கன்று வேணுமா? அப்போ நல்ல கிடாரிகளுக்கு மட்டும், முதல் ரெண்டு ஊசிக்கு மட்டும் வாங்குங்க. வாங்கும் முன்னாடி உங்க பண்ணையில் நூற்றுக்கு எத்தனை ஊசி சினையாகுதுன்னு எண்ணிப் பாருங்க. மேலே உள்ள கணக்கை குச்சி விலையைப் போலவே அந்த எண்ணும் மாத்தும்.