டாக்டர் பதில்கள்: மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் சீழ்... டி.பி மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது, சுகர் இருக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை செய்த 18-வது நாளில் தையலிலிருந்து நீர் கசிந்து, மூட்டு வீங்கியது. மூட்டு நீரைப் பரிசோதித்ததில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி என்றார்கள். மறுபடி திறந்து சுத்தம் செய்து, பிறகு ரிஃபாம்பிசின் கொடுப்பார்களாம். அது டி.பி மருந்தாயிற்றே? மாத்திரையிலேயே குணப்படுத்த முடியாதா?

பதில்: அம்மாவுக்கு டி.பி இல்லை, பயப்பட வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு படலம் படியுமே, அதேபோல கிருமிகள் செயற்கை மூட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசைபோன்ற படலத்தை உருவாக்குகின்றன. இதுதான் பயோஃபிலிம். இதற்குள் கிருமிகள் பெருகாமல் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் பெருகும் கிருமிகளைத்தான் கொல்லும். அதனால் மாத்திரை சாப்பிடும்போது கசிவு குறையும், நிறுத்தியதும் திரும்ப வரும்.

எனவே, படலத்தை முதலில் கையால் அகற்ற வேண்டும். மூட்டைத் திறந்து, கெட்டுப்போன திசுக்களை வெட்டி எடுத்து, நிறைய சலைன் விட்டுக் கழுவுவார்கள். இரு உலோகப் பாகங்களுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் துண்டையும் மாற்றுவார்கள். அதைக் கழற்றினால்தான் பின்பக்கம் வரை சுத்தம் செய்ய முடியும். முதல் சில வாரங்களில் படலம் இளசாக இருப்பதால், உலோக மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். முற்றிவிட்டால் மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, பிறகு புது மூட்டு பொருத்த வேண்டியிருக்கலாம்.

கழுவிய பிறகும் கொஞ்சம் கிருமி ஒட்டியிருக்கும். உறங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸையும் கொல்லக்கூடியது ரிஃபாம்பிசின். ஆனால், தனியாகக் கொடுத்தால் சில நாள்களிலேயே கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும். அதனால்தான் லீவோஃப்ளாக்சசின் போன்ற இன்னொரு மருந்துடன் சேர்த்துத் தருகிறார்கள். அந்தக் கிருமிக்கு இரண்டும் வேலை செய்கிறதா என்று லேப் ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்வார்கள். முதலில் ஊசி மருந்து. கிருமிகளின் எண்ணிக்கை குறைந்து, புண் காய்ந்த பிறகுதான் ரிஃபாம்பிசின். பொதுவாக மூன்று மாதங்கள், சிலருக்கு ஆறு மாதங்கள் வரை மருந்து தொடரும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது இயல்புதான். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். சில சுகர் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளின் வேகத்தை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் சுகரை அடிக்கடி பரிசோதியுங்கள்.

இன்னொரு விஷயம். தையல் கசிந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி தென்படாமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால், எந்த மருந்து என்றும் முடிவு செய்ய முடியாது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள்.