சட்டை மாறலாம்; முகம் மாறலாகாது

உள்ளூர்க் கிரிக்கெட் கழகம் ஒன்றுக்குப் புதிய விளம்பரதாரர் கிடைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜெர்சி நீலம், புதியது மஞ்சள். மார்பில் இருந்த பழைய கடையின் பெயர் போய்ப் புதிய பெயர் வரவேண்டும். ஆனால் சென்ற ஆண்டு எடுத்த குழுப்படத்தில் உள்ள 15 பேரை மீண்டும் ஒன்றுசேர்க்க முடியவில்லை. சிலர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். ஆகவே பழைய படத்திலேயே ஜெர்சியின் நிறத்தை மாற்றித் தரும்படி கணினியில் படம் திருத்துபவரிடம் கேட்கிறார்கள். இதில் தவறில்லை. ஆனால் அவர் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும்: ஒருவர் முகத்தில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. ஏறத்தாழ ஒத்திருந்தால் போதும் என்று விடக்கூடாது என்பதே என் கருத்து. இது செய்ய முடியாத நிபந்தனை அன்று, எளிய கணக்குத்தான்.

கணினியில் உள்ள வண்ணப் படம் என்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நல்ல வெயில் படும் இடத்தில் நீல ஜெர்சியின் எண்கள் 60, 90, 180 என்று கொள்வோம். அதே துணியின் மடிப்புக்குள் 30, 45, 90 என்று இருக்கும். இரண்டிலும் விகிதம் 2 : 3 : 6 தான். ஏன்? துணியின் சாயம் இரண்டு இடத்திலும் ஒன்றே. மடிப்பில் விழும் ஒளிதான் குறைவு. எனவே விகிதம் துணியின் நிறத்தைச் சொல்கிறது. எண்களின் பெருமை சிறுமை அங்கே விழுந்த ஒளியைச் சொல்கிறது.

இது புரிந்தால் நிறம் மாற்றும் வழியும் புரிந்துவிடும். புதிய மஞ்சள் வெயிலில் 240, 200, 40 என்றால், எண்கள் பாதியாகும் மடிப்பில் 120, 100, 20 என்று போடவேண்டும். ஒளியும் நிழலும் பழைய படத்திலிருந்து வருகின்றன. சாயம் மட்டும் புதியது. இப்படிச் செய்யாமல் எங்கும் ஒரே மஞ்சளைப் பூசினால், மடிப்புகள் மறைந்து, ஜெர்சி அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். விளம்பரதாரரின் பெயருக்கும் இதே விதிதான். மார்பின் வளைவுக்கேற்ப எழுத்துகளை வளைத்து, அடியில் உள்ள நிழலின் அளவால் பெருக்கினால்தான் அவை துணியில் அச்சிட்டவை போலிருக்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. வெள்ளை ஜெர்சியை நிற ஜெர்சியாக்குவது எளிது. வெள்ளைத் துணி தன்மேல் விழுந்த ஒளியை ஏறக்குறைய அப்படியே பதிவுசெய்து வைத்திருக்கிறது. கருநீலத்தை வெள்ளையாக்குவதோ கடினம். அங்கே எண்கள் 10, 15 என்று மிகச் சிறியவை. அவற்றைப் பதினைந்து மடங்கு பெருக்கினால், கண்ணுக்குத் தெரியாமலிருந்த பொரிப்பொரியான கறைகளும் பதினைந்து மடங்காகிவிடும்.

இனி முகத்துக்கு வருவோம். நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்து மாற்று என்று கணினிக்குக் கட்டளையிட்டால் போதாதா? நீலத்துக்கு ஓரளவு போதும். ஜெர்சி சிவப்பாகவோ காவியாகவோ இருந்தால் ஆபத்து. மனிதத் தோல் கறுப்பானாலும் சிவப்பானாலும் அதன் சாயல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில்தான் அமைகிறது; தோலில் உள்ள மெலனினும், இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் அதற்குக் காரணம். காவி ஜெர்சியைப் பச்சையாக்கப் போனால் உதடும் கன்னமும் பச்சையாகும். ஆகவே நிறத்தை நம்பாமல் எல்லைக்கோட்டை நம்பவேண்டும். துணி இருக்கும் இடத்தில் 1, மற்ற இடங்களில் 0 என்று ஒரு மறைப்பு வரைந்துகொள்கிறோம். பழைய புள்ளி O, புதிய புள்ளி N, மறைப்பின் எண் m என்றால் விடை இதுதான்:

P = m × N + (1 − m) × O

முகத்தில் m = 0. அப்போது P = O. ஏறக்குறைய அல்ல, அதே எண். முகம் மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த உத்தரவாதம் வேறில்லை.

குழுப்படத்தில் ஒரு தொல்லை உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் தலைகள், பின்வரிசையில் நிற்பவர்களின் ஜெர்சிக்கு முன்னால் வருகின்றன. தலைமுடியின் ஓரத்தில் ஒரே புள்ளியில் பாதி முடி, பாதி நீலத் துணி. இங்கே m = 0.5 என்று போட்டாலும் பழைய நீலம் பாதி தங்கிவிடும். தலையைச் சுற்றி நீல விளிம்பு தெரியும். இந்த ஓரப் புள்ளிகளில் முடியின் நிறத்தைத் தனியே கணித்துத் திருத்தலாம். ஆனால் நெற்றிக்கோட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது.

இன்னொரு கேள்வியும் எழும். வெயிலில் நிற்பவரின் நீல ஜெர்சியில் பட்ட ஒளி தெறித்து, மோவாயின் அடியில் இலேசான நீலச் சாயலைத் தந்திருக்கும். ஜெர்சி மஞ்சளான பிறகும் அந்த நீலம் அங்கேயே இருக்கும். இயற்பியல்படி அது பொருந்தாதுதான். அதையும் மஞ்சளாக்கவேண்டும் என்பார் சிலர். நான் உடன்படமாட்டேன். மோவாயைத் திருத்த இடம் கொடுத்தால் அடுத்தது கன்னம். மஞ்சளுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று படம் முழுவதையும் ஒரு படி வெளிச்சமாக்குவார்கள். கறுத்த பையன் மாநிறமாகிவிடுவான். ஜெர்சியைத்தான் மாற்றச் சொன்னார்கள்; அவன் நிறத்தை மாற்ற யாரும் கேட்கவில்லை. அவன் நிறம் பிழையுமன்று.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் ஏமாறலாம். படத்தை ஜேபெக் வகைக் கோப்பாகச் சேமித்தால், அது 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு எண்கள் தோராயமாக்கப்படும். நாம் தொடாத முகத்திலும் எண்கள் ஒன்றிரண்டு மாறிவிடும். பி.என்.ஜி. வகையில் சேமித்தால் எண்கள் அப்படியே நிற்கும்.

மாறவில்லை என்று எப்படி அறிவது? கண் போதாது; 100-க்கும் 102-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் காணாது. ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழிக்கவேண்டும். ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளில் இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலடுக்கின் வகையை Difference என்று மாற்றினால் போதும். மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். மங்கிய வேறுபாடும் புலப்படும்படி விடையைச் சில மடங்கு வெளிச்சமாக்கிப் பாருங்கள். கறுத்த திரையில் 15 ஜெர்சிகள் மட்டும் ஒளிர்ந்தால் வேலை சரி. அவற்றுக்கு மேலே ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தாலும் வேலை தவறு.

இந்தச் சோதனைக்குப் பழைய படம் கையில் இருக்கவேண்டும். அதை அழித்துவிட்டால் கழிக்க எதுவும் இராது. ஆகவே கழகங்கள் மூலப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். புதிய படத்தின் அடியில், "ஜெர்சியின் நிறமும் விளம்பரப் பெயரும் மட்டும் மாற்றப்பட்டவை" என்று ஒரு வரியும் அச்சிடவேண்டும். அந்த வரி உண்மையா என்று மாணவர்களாகிய நீங்களே கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.