எது குறைகிறது என்று எழுதிக் கொடுங்கள்

‘முகவரி போதாது’ என்று எழுதித் திருப்பி அனுப்பப்படும் கடிதங்கள் நமது தோட்டங்களுக்குப் புதிய சங்கதி அல்ல. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம், அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகுமுன் வங்கி அனுப்பும் பதிவுத் தபால், ஊழியர் சேமலாப நிதி பற்றிய அறிவித்தல், நீதிமன்ற அழைப்பாணை என எல்லாமே இந்த இரண்டு சொல்லில் அடிபட்டுப் போகலாம். கடிதம் வராததால் நகை போகும், வேலை போகும், வழக்கில் தவணை போகும். அனுப்பியவரிடம் கேட்டால், “நாங்கள் அனுப்பிவிட்டோம், உங்கள் முகவரிதான் சரியில்லை” என்கிறார்.

முகவரியில் எது போதாது என்பதே எமது கேள்வி. பெயரா, பிரிவா, லயமா, காம்பராவா, தபாலகமா? அதை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுத் தபால்கள் திரும்பும்போது ஒட்டுவதற்காக உலகத் தபால் ஒன்றியம் வகுத்திருக்கும் ஒட்டுத்தாளிலும் ‘முகவரி போதாது அல்லது பிழை’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. எந்தப் பகுதி குறைகிறது என்று தெரியாத ஆள் அடுத்த முறையும் அதே முகவரியைத்தான் எழுதுவார், கடிதமும் அதே வழியில் திரும்பும்.

ஆகவே முகவரியைச் சரிபார்க்க வேண்டியது கடிதம் திரும்பிய பிறகு அல்ல, படிவத்தைக் கையில் வாங்கும் நேரத்தில். பகுதி பகுதியாகப் பார்த்து, எது இல்லை, எது தெளிவில்லை என்று அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

எஸ். லெட்சுமி, கீழ்ப்பிரிவு, மலையருவித் தோட்டம், ஹாலிஎல. நம்மவர்கள் பெரும்பாலும் எழுதுவது இப்படித்தான். பார்வைக்கு முழு முகவரி மாதிரியே இருக்கிறது.

முதலில் பெயர். ஒரே லயத்தில் இரண்டு லெட்சுமி இருப்பது சாதாரணம். முதலெழுத்து தகப்பனுடையதா, புருஷனுடையதா என்பதும் தெரியாது. செக்ரோலில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று என்றும் இருக்கும். எனவே பெயர் இருக்கிறது, ஆனால் தெளிவில்லை. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது பிரிவு. ‘கீழ்ப்பிரிவு’ என்று நாம் தமிழில் எழுதுவது ஆபிஸ் புத்தகத்தில் லோவர் டிவிஷன். லயத்துச் சனம் அதையே பணியக் கணக்கு என்று சொல்லும். மூன்றும் ஒரே இடம் என்பது நமக்குத் தெரியும், புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரருக்குத் தெரியாது. இதுவும் தெளிவில்லை என்ற கணக்கில்தான் சேரும். தோட்டப் பெயரிலும் இதே சிக்கல் வரும். பல தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் நமது வாயில் வேறொரு பெயரும் உண்டு. தபாலகம் அறிந்த பெயரை முகவரியிலும், நாம் சொல்லும் பெயரைப் பக்கத்திலும் எழுதினால் குழப்பம் தீரும்.

லயமும் காம்பராவும் இந்த முகவரியில் இல்லவே இல்லை. ‘பத்துக் காம்பரா லயம்’ என்று மட்டும் எழுதினாலும் போதாது, ஒரே பிரிவில் அப்படி இரண்டு மூன்று லயம் இருக்கும். லயத்தின் இலக்கம் வேண்டும், காம்பராவின் இலக்கமும் வேண்டும். காம்பரா இலக்கத்தை எந்தத் தொங்கலிலிருந்து எண்ணுவது என்பதிலும் பிரிவு முழுக்க ஒரே முறை வேண்டும். ஒருவர் பெரட்டுக்களப் பக்கமிருந்து எண்ணி, இன்னொருவர் கோயில் பக்கமிருந்து எண்ணினால், பத்துக் காம்பரா லயத்தில் மூன்றாம் காம்பரா எட்டாம் காம்பராவாகிவிடும்.

கடைசியாகத் தபாலகம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹாலிஎலக்குப் போகிறவர் ‘ஹாலிஎல’ என்று எழுதிவிடுகிறார். ஆனால் கேட்க வேண்டியது அவர் எந்த டவுனுக்குப் போகிறார் என்பதல்ல, அவருடைய தோட்டத்துக்கு எந்தத் தபாலகத்திலிருந்து தபால் வருகிறது என்பதுதான். ஹாலிஎலக்கு 90060, தெமோதரைக்கு 90080, பதுளைக்கு 90000 என்று தபால் குறியீடு வேறுபடும். குறியீடு எழுதப்படாததால் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். உப தபாலகம் வழியாகத் தபால் வந்தால் அதன் பெயரையும் கேட்க வேண்டும்.

இப்போது லெட்சுமி அக்காவின் கையில் கொடுக்க வேண்டிய துண்டு இப்படி இருக்கும்:

பெயர்: தெளிவில்லை. அடையாள அட்டைப்படி முழுப் பெயர் தேவை.
லயம், காம்பரா இலக்கம்: இல்லை.
பிரிவு: தெளிவில்லை. ஆபிஸ் பதிவில் உள்ள பெயரும் தேவை.
தோட்டம்: உள்ளது. தபாலகம் அறிந்த பெயர்தானா என்று உறுதிசெய்யவும்.
தபாலகம்: உள்ளது. குறியீடு இல்லை.
வீதிப் பெயர், வீட்டு இலக்கம்: வழங்கப்படவில்லை.

இதை எழுத ஐந்து நிமிடம் போதும். துண்டை வாங்கியவர் பிரிவிலே விசாரித்து மறுநாளே பதில் கொண்டுவரலாம். ‘இல்லை’ என்பதற்கும் ‘தெளிவில்லை’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். தெளிவில்லாததற்கு, “இதுவா, அதுவா?” என்று கேட்க வேண்டும். கிளாக்கர் தானே ஊகித்து நிரப்பிவிட்டால் கடிதம் இன்னொரு லெட்சுமி வீட்டுக்குப் போகும். அது திரும்பி வருவதைவிட மோசம், ஏனென்றால் தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது.

துண்டின் கடைசி வரியில்தான் நமது அரசியல் இருக்கிறது. லெட்சுமி அக்கா வீதிப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் மறந்து விடவில்லை. அவருக்கு அவை கொடுக்கப்படவே இல்லை. ஆனால் படிவத்தில் அந்தக் கட்டங்கள் இருக்கின்றன. கம்பியூட்டரில் நிரப்பும் படிவம் அவை வெறுமையாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கே விடாது. அதனால் நமது பிள்ளைகள் ஒரு கோடு போடுகிறார்கள், பூச்சியம் போடுகிறார்கள், அல்லது ‘இல. 1’ என்று எதையாவது எழுதுகிறார்கள். கட்டம் நிரம்பியதும் கம்பியூட்டர் திருப்தியடைகிறது. தபால்காரரோ இல்லாத ஒன்றாம் இலக்கத்தைத் தேடுகிறார். கட்டம் நிரம்பியதா என்று பார்ப்பது முகவரியைச் சரிபார்ப்பது ஆகாது. ‘வழங்கப்படவில்லை’ என்று குறிக்க ஒரு வழியும், லயம், காம்பரா, பிரிவு என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டமும் எல்லாப் படிவத்திலும் இருக்க வேண்டும்.

வீதிக்குப் பெயர் வைத்து வீட்டுக்கு இலக்கம் போடுவது உள்ளூராட்சி சபையின் வேலை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. நமது வாக்கில் தெரிவான உறுப்பினர்கள்கூட லயத்துப் பாதைக்கு ஒரு பலகை நட முடியாதென்று கையை விரித்தார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. பழைய சாக்கு இனிச் செல்லாது. ஹாலிஎல பிரதேச சபை ஒரு பிரிவிலாவது பாதைக்குப் பெயரும் காம்பராவுக்கு இலக்கமும் இட்டு இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

போன் காட்டும் இடக் குறியீடு இருந்தால் இலக்கம் எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கொல்கத்தாவின் சேரிகளில் ஒரு தொண்டு நிறுவனம் ‘பிளஸ் கோட்’ எனும் குறியீட்டை வீடு வீடாகப் பலகையில் எழுதி மாட்டியது. ஆனால் நமது லயத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. வழக்கமான பத்து எழுத்துக் குறியீடு ஏறக்குறைய 14 மீற்றர் நீள அகலமுள்ள ஒரு சதுரத்தைக் குறிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் நான்கு அந்தச் சதுரத்தின் ஒரு பக்க நீளத்துக்குள் அடங்கிவிடும், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் எட்டு. இன்னும் ஓர் எழுத்தைக் கூட்டினால் சதுரம் சிறுக்கும்தான், ஆனால் மலைச்சரிவில் தகரக் கூரையின் கீழ் போன் காட்டும் இடமே சில மீற்றர் தள்ளிப் போகும். ஆகவே குறியீடு லயத்தைக் கண்டுபிடிக்க உதவும், காம்பராவைக் கண்டுபிடிக்க இலக்கப் பலகைதான் வேண்டும். ஒரே காம்பராவில் இஸ்தோப்பை மறைத்து இரண்டு குடும்பம் இருந்தால் பலகையும் போதாது, முழுப் பெயரும் வேண்டும்.

முகவரி முழுமையானாலும் கடிதம் கைக்கு வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தோட்டத்துத் தபால் பை ஆபிசோடு நின்றுவிடும் இடங்களில், அங்கிருந்து பிரிவுக்கும், பிரிவிலிருந்து பெரட்டுக்கும் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் அன்று ஆள் வேலைக்கு வராவிட்டால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். குறை முகவரியிலா, ஆபிசிலா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கவரின் முத்திரைத் திகதியையும் கடிதம் கையில் கிடைத்த திகதியையும் குறித்து வையுங்கள். பதிவுத் தபாலென்றால் அதன் இலக்கத்தைச் சொல்லி, எந்தத் திகதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று தபாலகத்தில் கேளுங்கள். தபாலகம் ஒப்படைத்து இரண்டு வாரம் கழித்துக் கைக்கு வந்திருந்தால் அது முகவரியின் குற்றமல்ல. அந்தக் கவரைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள், ஆபிசில் பேசுவதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நாம் கேட்பது மூன்று. பிரதேச செயலகமும் வங்கிகளும் ஏனைய காரியாலயங்களும் படிவத்தை ஏற்கும்போதே, எது இல்லை, எது தெளிவில்லை, எது வழங்கப்படவில்லை என்று எழுதிய துண்டைக் கொடுக்க வேண்டும். பிரதேச சபை பாதைகளுக்குப் பெயரும் காம்பராக்களுக்கும் புதிய ஏழு பேர்ச் வீடுகளுக்கும் இலக்கமும் வழங்க வேண்டும். தபால் திணைக்களம் அந்த இலக்கம் வரை கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இதற்கிடையில் நமது தோட்டக் கமிட்டிகளும் மாதர் சங்கத் தலைவிமாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் லயங்களை ஒரே பக்கத்திலிருந்து எண்ணி, மேலே சொன்ன ஆறு வரித் துண்டை வீட்டுக்கு ஒன்றாக நிரப்புங்கள். நிரம்பிய துண்டுகளின் பிரதியைக் கிளைக் காரியாலயத்தில் சேருங்கள். ‘வழங்கப்படவில்லை’ என்ற கடைசி வரி எத்தனை வீட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கோடு பிரதேச சபைக்குப் போவோம்.