வினைமுற்று எதனைப் பின்பற்றும்?

ஹிந்தி பயிலத் தொடங்கும் தமிழ் மாணாக்கர் முதலில் தடுமாறுவது பால் வேறுபாட்டிலேயாம். தமிழிலே பால் பொருளைப் பற்றியது. ஹிந்தியிலே அது சொல்லைப் பற்றியது. மக்களும் தேவரும் உயர்திணை. அவர்க்கே ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. ரொட்டியும் மாம்பழமும் மேசையும் நமக்கு அஃறிணை. ‘அது’ என்றால் போதும். ஹிந்தியிலோ ஒன்றன்பாலுக்கு இடமே இல்லை. ‘ரோட்டீ’ பெண்பால், மாம்பழமாகிய ‘ஆம்’ ஆண்பால், ‘மேஜ்’ பெண்பால். ஆகார ஈறு பெரும்பாலும் ஆண்பால், ஈகார ஈறு பெரும்பாலும் பெண்பால் என்பர். ஆயினும் தண்ணீரைக் குறிக்கும் ‘பானீ’ ஆண்பால், ‘மாலா’ பெண்பால். ஆதலால், பெயரைத் தனியே மனனஞ் செய்யாது, ‘அச்சீ ரோட்டீ’, ‘அச்சா ஆம்’ என அடைமொழியோடு மனனஞ் செய்தல் நன்று. நம் ‘நல்ல’ என்னுஞ் சொல் எதற்கும் மாறாது. அவர்தம் ‘அச்சா’ பாலுக்கேற்ப மாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனி வினைக்கு வருவோம். ‘சிறுவன் ரொட்டி தின்கிறான்’ என்பது ‘லட்கா ரோட்டீ காத்தா ஹை’ ஆகும். சிறுமியாயின் ‘லட்கீ ரோட்டீ காத்தீ ஹை’. இதுவரை நம் மொழியைப் போலவே வினை எழுவாயைப் பின்பற்றுகின்றது. ஒரு வேறுபாடு மட்டும் காண்க. ‘நான் தின்கிறேன்’ என்று ஆடவர் சொன்னாலும் பெண்டிர் சொன்னாலும் தமிழில் ஒன்றே. ஹிந்தியிலோ ஆடவர் ‘காத்தா’ என்பர், பெண்டிர் ‘காத்தீ’ என்பர். ‘காத்தா’ என்பது அடைமொழி போன்ற எச்சச் சொல்லாதலின் பாலையும் எண்ணையும் காட்டும், இடத்தைக் காட்டாது. இடத்தைக் காட்டுவது அதனை அடுத்து நிற்கும் துணைவினையே.

வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றும்போதுதான் வியப்புத் தோன்றும். ‘சிறுவன் ரொட்டி தின்றான்’ என்பது ‘லட்கே நே ரோட்டீ காயீ’ ஆகும். தின்றவன் ஆண், வினையோ பெண்பால்! ‘சிறுமி மாம்பழம் தின்றாள்’ என்பது ‘லட்கீ நே ஆம் காயா’. இங்கே தின்றவள் பெண்; வினை ஆண்பால். அவள் இரண்டு பழம் தின்றால் ‘தோ ஆம் காயே’ என வினை பன்மையாகும். வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளைப் பற்றிக்கொண்டது.

காரணம் யாது? இவ்விறந்தகால வடிவம் ஸம்ஸ்கிருதத்தின் செயப்பாட்டு இறந்தகால எச்சத்தின் வழிவந்தது. ‘சிறுவனால் ரொட்டி உண்ணப்பட்டது’ என்று நாமும் கூறினால், வினை ரொட்டியையன்றோ பின்பற்றும்? அப்பழைய உறவே ஹிந்தியில் எஞ்சி நிற்கின்றது. இன்றைய ஹிந்தியில் இது செய்வினையே. பொருளை நினைவிற் பதிக்கவே செயப்பாட்டினை ஒப்பிடுகின்றோம்.

ஆதலால் மாணாக்கர் இரண்டு வினாக்களை வரிசையாகக் கேட்டல் வேண்டும். வினை செயப்படுபொருள் குன்றாவினையாய், முடிந்த செயலைக் குறிக்கின்றதா? ஆம் எனில் எழுவாய் ‘நே’ பெறும். ‘லட்கா’ என்பது ‘லட்கே’ எனத் திரியும். இல்லை எனில், ‘லட்கா ஆயா’, ‘லட்கீ ஆயீ’ என எழுவாயே ஆளும். (கொண்டுவருதலைக் குறிக்கும் ‘லானா’ குன்றாவினையாயினும் ‘நே’ பெறாது.) அடுத்து, செயப்படுபொருள் ‘கோ’ என்னும் உருபு பெற்றுள்ளதா? பெறவில்லை எனில் வினை அதன் பாலைக் கொள்ளும். பெற்றிருப்பின், வினை எவரையும் பின்பற்றாது. ‘லட்கே நே லட்கீ கோ தேகா’, அதாவது ‘சிறுவன் சிறுமியைக் கண்டான்’ என்னும் வாக்கியத்தில் ‘தேகா’ எப்பொழுதும் ஆண்பால் ஒருமையே. கண்டவள் பெண்ணாயினும் அது மாறாது. ‘லட்கே நே லட்கீ கோ தேகீ’ என எழுதும் மாணாக்கர் இவ்விரண்டாம் வினாவை மறந்தவர் என்க.

ஹிந்தி பேசுவோர் தமிழ் பயிலும்போது தவறு மறுபுறம் நேரும். ‘ரோட்டீ’ பெண்பால் என்னும் பழக்கத்தால் ரொட்டியையும் ‘அவள்’ என்னத் தோன்றும், ‘அது’ என்க. மேலும் ‘பிதாஜீ ஆயே’, ‘மாதாஜீ ஆயீன்’ என மரியாதைப் பன்மையிலும் அவர்கள் பாலைக் காப்பர். தமிழிலோ ‘தந்தையார் வந்தார்’, ‘தாயார் வந்தார்’ என மரியாதை வந்தவுடன் பால் மறைந்துவிடும். குழந்தையைப் பற்றி ‘குழந்தை சிரித்தது’ என அஃறிணை முடிபு வருவதும் அவர்க்குப் புதுமையே. இவை தவிர, தமிழ் வினை இறந்த காலத்திலும் எழுவாயை விட்டு அகலாது: சிறுவன் தின்றான், சிறுமி தின்றாள், தின்றது ரொட்டியோ பழமோ, கவலையில்லை.

பயிற்சிக்கு ஒன்று: ‘சிறுமி ரொட்டி தின்றாள்’ என்பதை ஹிந்தியில் எழுதுக. விடை ‘லட்கீ நே ரோட்டீ காயீ’. இங்கே ‘காயீ’ என வந்தமைக்குக் காரணம் சிறுமியல்லள், ரொட்டியே என்பதை உணர்ந்தவர் இப்பாடத்தைக் கற்றுவிட்டார்.