98 மதிப்பெண் வாங்கிய கிணற்று நீர்

மொழிபெயர்ப்பை விலைகொடுத்து வாங்கும் அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. பிழைகளை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் கடுமைக்கேற்பத் தண்டப் புள்ளி போட்டு, கூட்டியதைச் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறிலிருந்து கழித்தால் மொழிபெயர்ப்பின் தரம் கையில் கிடைத்துவிடும் என்கிறார்கள். 98க்கு மேல் வந்தால் அச்சுக்கு அனுப்பலாம், குறைந்தால் திருப்பி அனுப்பலாம். ரசனை, விருப்புவெறுப்பு எதற்கும் இதில் இடமில்லையாம்.

இதற்குப் பின்னால் இருக்கும் முறையின் பெயர் எம்.க்யூ.எம். 2012க்கும் 2014க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் இது உருவானது. இதன் பெரிய வகைகளில் இரண்டு இங்கே முக்கியம். மூலத்தில் உள்ளதை விட்டதும், இல்லாததைச் சேர்த்ததும், பிறழச் சொன்னதும் துல்லியத்தின்கீழ் வரும். எழுத்து, இலக்கணம், நிறுத்தக்குறி போன்றவை சரளத்தின்கீழ் வரும். இன்று பரவலாக வழங்கும் எடைகளின்படி சிறு பிழைக்கு 1, பெரும்பிழைக்கு 5, ஆபத்தான பிழைக்கு 25. முறையோடு எனக்குச் சண்டை இல்லை. கடைசியில் வரும் ஒற்றை எண்ணைப் பற்றிச் சொல்லப்படுவதோடுதான் சண்டை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நச்சு வாயுவால் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மருத்துவமனைக்குப் போக, அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் 200 சொற்களில் மலாய் அறிவிப்பு ஒன்று வந்து, அதை இருவர் தமிழாக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பும் இரண்டு தமிழாக்கங்களும் நான் கணக்குக்காகக் கட்டியவை.

முதல் தமிழாக்கத்தில் ஒன்பது இடங்களில் ஒற்று விடுபட்டிருக்கிறது. ‘குழாய் தண்ணீரை பயன்படுத்தவும்’ என்பதுபோல. வேறு குறை ஏதுமில்லை. இரண்டாவது தமிழாக்கத்தைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் ‘கிணற்று நீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்கக் கூடாது’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்’ என்று இருக்கிறது. இது நடக்கக்கூடிய பிழைதான். வெள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி எழுதிப் பழகிய கை, அதே வாக்கியத்தை இங்கேயும் தானாக எழுதிவிடும்.

முதலாவதற்கு ஒன்பது சிறு பிழை, ஒன்பது தண்டப் புள்ளி, மதிப்பெண் 95.5. இரண்டாவதில் ஒரே பிழை. மதிப்பீட்டாளர் அதைப் பெரும்பிழை என்று குறித்தால் ஐந்து புள்ளி போகும், மதிப்பெண் 97.5. உடம்பைக் கெடுக்கும் அறிவிப்பு இரண்டு புள்ளி முந்தி நிற்கிறது.

இங்கே வழக்கமாக வரும் பதில், ‘அதை ஆபத்தான பிழை என்றல்லவா குறித்திருக்க வேண்டும்’ என்பது. சரி, குறிக்கலாம். அப்போது 25 போய் 87.5 ஆகிறது. ஆனால் ஆபத்தான பிழைக்கு 25 என்று எல்லா அட்டவணையும் சொல்வதில்லை. எம்.க்யூ.எம்முக்கு முன்பு பெருவழக்காக இருந்த லிசா அட்டவணையில் அது 10தான். அந்த எடையைப் போட்டால் இரண்டாவது தமிழாக்கத்துக்கு 95.0 கிடைக்கும். ஒன்பது ஒற்று விட்டவருக்கும், நஞ்சு கலந்த நீரைக் குடிக்கச் சொன்னவருக்கும் இடையில் அரைப் புள்ளி வித்தியாசம்! ஆக, இந்த எண்ணை நம்புவோரின் முதல் வாதமான ‘எடைகள் அளந்து கண்டுபிடித்தவை’ என்பது நிற்காது. அவை ஒரு வேலைக்காகச் சிலர் கூடி ஒப்புக்கொண்டவை. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 2001இல் கொண்டுவந்த ஜே2450 என்ற அளவுகோல் வண்டி பழுதுபார்க்கும் கையேடுகளுக்கானது. அது நடையைப் பற்றிக் கேட்கவே கேட்காது. மெக்கானிக்குக்கு நடை எதற்கு? கூகுள் ஆய்வாளர்கள் 2021இல் இயந்திர மொழிபெயர்ப்புகளைத் தரம்பிரித்தபோது நிறுத்தக்குறியில் வரும் சிறு பிழைக்கு 0.1 மட்டும் போட்டார்கள். அவரவர் காரியத்துக்கு அது சரி. நம் காரியத்துக்கு எது சரி என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தமிழில் இது உடனே உறைக்கும். விடுபட்ட ஒற்றை எந்த வகையில் சேர்ப்பது? இந்த அட்டவணைகளில் வல்லினம் மிகும் இடம் என்று ஒரு கட்டம் இல்லை. இலக்கணப் பிழை என்றால் ஒவ்வொன்றுக்கும் 1. நிறுத்தக்குறிக்கு நிகரான அச்சுக் குறை என்று கருதி 0.1 போட்டால் முதல் தமிழாக்கத்தின் மதிப்பெண் 95.5இலிருந்து 99.55க்குத் தாவிவிடும். ஒற்று விடுபட்ட வாக்கியங்களை நம் ஊர் வாசகர்கள் தடுக்காமல் படித்துக்கொண்டு போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தமிழாசிரியர்கள் என்னைக் கோபிக்கலாம். ஆனால் பாடநூலுக்கு ஒன்று, எச்சரிக்கை அறிவிப்புக்கு 0.1 என்று வேலையைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் நேர்மை.

இரண்டாவது வாதம், கடுமை பிழையிலேயே தெரியும், பயிற்சி பெற்ற எவரும் ஒரே மாதிரி குறிப்பார் என்பது. கிணற்று நீர் வாக்கியத்தையே மறுபடி பாருங்கள். வெள்ள அறிவிப்பில் அது மிகச் சரியான வாக்கியம். இரசாயனம் கலந்த இடத்தில் அது ஆபத்து, ஏனென்றால் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆலைக் கழிவு போகாது. இந்த வேறுபாடு மொழியில் இல்லை, வெளியில் இருக்கிறது. எங்கோ தொலைவில் ஒரு கணினியின் முன் அமர்ந்து நாளைக்கு நூற்றுக்கணக்கான வாக்கியம் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு இந்தப் பின்னணி போய்ச் சேராவிட்டால், ‘பிறழ் பொருள், பெரும்பிழை’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவர்மேல் குற்றமில்லை. அறிவிப்பு யாருக்கு, எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதனால்தான் அந்த 2021 ஆய்வில் தனித்தனி வாக்கியங்களைக் கொடுக்காமல் முழு ஆவணத்தையும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்துக் குறிக்கச் சொன்னார்கள்.

துல்லியம்தான் உயிர், சரளம் வெறும் மெருகு என்பது இன்னொரு வாதம். இதற்குப் பதில் ஜொகூர் பாலத்தின் மறுகரையிலேயே கிடைக்கிறது. 2017இல் சிங்கப்பூரின் தேசிய தின அணிவகுப்பு விளம்பரத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். எம்.க்யூ.எம். வழிவந்த பட்டியல்களில் எழுத்துக் குறியீட்டுச் சிதைவு துல்லியத்தின்கீழ் வராது, சரளத்தின்கீழ்தான் வரும். ஆனால் கொம்பும் காலும் இடம்மாறிய வரியில் மெருகு மட்டுமா போயிற்று? வாசிக்கவே எதுவும் மிஞ்சவில்லை. மரியாதைச் சொல்லும் இப்படித்தான். அறிவிப்பில் ‘வெளியே போகாதே’ என்று இருந்தால் மூலத்தின் பொருள் அப்படியே வந்திருக்கிறது, துல்லியத்தில் ஒரு குறையும் காட்ட முடியாது. ஆனால் வயதான ஒருவர் அதைப் பார்த்தால் அறிவிப்பைக் கிழித்துப் போடுவார், அதிலுள்ள எச்சரிக்கையும் கூடவே போய்விடும். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. நம் இரண்டாவது தமிழாக்கத்தின் சரளம் அதன் பிழைக்கு உடந்தையாக இருக்கிறது. திக்கித் திணறும் வாக்கியத்தைப் படிப்பவர் பக்கத்து வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். ஓடும் தண்ணீர்போல் வரும் வாக்கியத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிட்டால் எந்த ஆவணத்தையும் எதனுடனும் ஒப்பிடலாம் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அதே அறிவிப்பை 2,000 சொல் கையேடு ஒன்றில் ஒரு பக்கமாகச் சேர்த்து, மற்றப் பக்கங்களில் ஒரு பிழையும் இல்லை என்று கொள்ளுங்கள். கிணற்று நீருக்கு முழுதாக 25 தண்டம் போட்டாலும் மதிப்பெண் 98.75. தேர்ச்சி! வகுக்கும் சொற்களை எந்த மொழியில் எண்ணுவது என்பதும் ஒரு கேள்வி. மலாயில் மூன்று சொல்லாக நிற்பது தமிழில் ‘வீட்டுக்குள்ளிருந்து’ என்று ஒரே சொல்லாகிவிடும். 200 சொல் மலாய் தமிழில் 150 சொல்லானால், முதல் தமிழாக்கத்தின் 95.5 ஒரு பிழையும் கூடாமல் 94.0 ஆகிவிடுகிறது. மூலத்தின் சொற்களை எண்ணச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதாத தமிழ் மொழிபெயர்ப்பாளர் தன் மொழியின் ஒட்டுகளுக்காகத் தண்டம் கட்டுகிறார்.

இவ்வளவும் கேட்ட பிறகு, ‘அப்படியானால் புள்ளியெல்லாம் வேண்டாம், தமிழ் தெரிந்த ஒருவர் படித்து நன்றாக இருக்கிறது என்றால் போதும்’ என்று மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அதையும் மறுக்கிறேன். அதே 2021 ஆய்வு காட்டியது இதைத்தான்: தொழில்முறை அல்லாதவர்கள் ஒட்டுமொத்தமாக மதிப்பெண் போட்டபோது சில இயந்திரங்கள் மனிதர்களை முந்தின, மொழிபெயர்ப்பாளர்கள் பிழை பிழையாகக் குறித்தபோது மனிதர்களின் மொழிபெயர்ப்பு தெளிவாக மேலே வந்தது. மேலோட்டமாகப் படிப்பவரைச் சரளம் ஏமாற்றிவிடுகிறது. தமிழுக்கும் இந்த உழைப்பு நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளில் ஏழு இயந்திரங்களின் 7,000 மொழிபெயர்ப்புகளை வல்லுநர்கள் இப்படிக் குறித்தார்கள். அந்த உழைப்பில் விலைமதிப்பு உள்ளது எது என்று கேட்டால், எந்தச் சொல்லில், எந்த வகைப் பிழை, எவ்வளவு கடுமை என்று குறித்த பட்டியல் என்பேன். சராசரி எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எந்த எடை போட்டும் மறுபடி கணக்கிடலாம். எண்ணிலிருந்து பட்டியலைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே ஜொகூரில் ஆலைக்கோ மருத்துவமனைக்கோ நகராண்மைக்கோ தமிழ் அறிவிப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்துவிடுங்கள். ஆபத்தான பிழை ஒன்று இருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், அறிவிப்பு அச்சுக்குப் போகாது. சொற்கள் மூலமொழியில் எண்ணப்படும். மதிப்பெண்ணோடு பிழைப் பட்டியலும் வர வேண்டும், கடுமையை முடிவுசெய்தவருக்கு அந்த அறிவிப்பு யாருக்கானது என்று முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். பட்டியல் தர மறுக்கும் நிறுவனத்தின் 98ஐ நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.